ஒரு பில்லில் இரண்டு கழித்தல்கள்: காரைக்குடிச் சேலைக் கடையின் பரிசு அட்டையும் புள்ளித் திட்டமும்

காரைக்குடியிலிருந்து கண்டாங்கிச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடையின் கணக்குகளை நான் பார்த்து வருகிறேன். உரிமையாளர் ஒரு பெண்மணி. பொதி கட்டுவதற்கும் வாடிக்கையாளர்களுடன் பேசுவதற்கும் இருவரை வைத்துக்கொண்டு தனியுரிமை வணிகமாகக் கடையை நடத்துகிறார். 2025 செப்டம்பரில், தீபாவளி விற்பனை தொடங்குவதற்கு முன், கடைத் தளத்தில் பரிசு அட்டைகளையும், வாங்கும் தொகைக்கேற்பச் சேரும் புள்ளிகளையும் அறிமுகப்படுத்தினார். இரண்டுக்கும் ஒரே நீட்சி மென்பொருள் போதும் என்று தளத்தை அமைத்துக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். அரை நாளில் எல்லாம் இயங்கத் தொடங்கிவிட்டது. அதிலிருந்த பிழை ஐந்து மாதங்கள் கழித்து, பிப்ரவரியில், ஒரு சேலை திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.

அந்தச் சேலையின் விலை வரி உட்பட 3,150 ரூபாய். வாங்கியவர் தம் தங்கை அனுப்பிய 1,000 ரூபாய்ப் பரிசு அட்டையைப் பயன்படுத்தி, மீதி 2,150 ரூபாயை யுபிஐ வழியாகச் செலுத்தியிருந்தார். நிறம் பிடிக்காமல் ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பியபோது, மென்பொருள் 2,150 ரூபாயை அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, ஆணை முழுமையாகத் திருப்பப்பட்டதாகப் பதிந்துகொண்டது. அட்டையில் இருப்பு சுழியாகவே இருந்தது. "மேடம், என் தங்கச்சி கொடுத்த ஆயிரம் எங்க போச்சு?" என்று அவர் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் உரிமையாளர் அந்தப் பில்லை எடுத்துப் பார்த்து எனக்கு அனுப்பினார். பில்லில் பரிசு அட்டை என்ற சொல்லே இல்லை. சேலையின் விலைக்குக் கீழே "தள்ளுபடி 1,000" என்று இருந்தது.

மொத்தச் சிக்கலும் அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது. அந்த மென்பொருள் ஒவ்வொரு பரிசு அட்டையையும் உள்ளுக்குள் ஒரு கூப்பனாக உருவாக்கியிருந்தது. கூப்பன் என்பது விலையைக் குறைப்பது. எனவே 3,150 ரூபாய்ச் சேலையை 2,150 ரூபாய்க்கு விற்றதாக அது எடுத்துக்கொண்டு, அந்தக் குறைந்த தொகைக்குள்ளேயே ஜிஎஸ்டியையும் கணக்கிட்டது. விற்பனை மதிப்பு 2,047.62 ரூபாய், 5 சதவீத வரி 102.38 ரூபாய் என்று பில் வந்தது. உண்மையில் கடை அந்தச் சேலைக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. ஆயிரம் ரூபாய் தீபாவளி சமயத்திலேயே, தங்கையின் கையிலிருந்து, வங்கிக்கு வந்து சேர்ந்திருந்தது. விற்பனை மதிப்பு 3,000 ரூபாய், வரி 150 ரூபாய் என்றுதான் பில் இருந்திருக்க வேண்டும்.

"சார், கேட்வேயில வந்த பணமும் பில்லும் ஒரு பைசா பிசகாம ஒத்துப்போகுதே, அப்புறம் எங்க தப்பு?" என்று உரிமையாளர் கேட்டது நியாயமான கேள்வி. பிழை அத்தனை நாள் மறைந்திருந்ததற்கும் அந்த ஒற்றுமையே காரணம். அட்டை விற்ற நாளில் அதையும் ஒரு சரக்காகக் கருதி, வரியில்லா விற்பனை 1,000 ரூபாய் என்று பதிந்தாகிவிட்டது. சேலை விற்ற நாளில் 2,150 ரூபாய்க்குப் பில் போட்டாகிவிட்டது. இரண்டு நாளும் வங்கியில் வந்த பணம் பில்லோடு சரியாகப் பொருந்தும். பணத்தைப் பில்லோடு ஒப்பிடும் எந்தச் சரிபார்ப்பிலும் இந்தப் பிழை சிக்காது. பில்லில் இருக்கும் விலையைத் தளத்தில் போட்டிருக்கும் விலையோடு ஒப்பிட்டால்தான் சிக்கும். அதை யாரும் வழக்கமாகச் செய்வதில்லை.

அட்டை பணம், புள்ளி தள்ளுபடி

செலுத்தும் பக்கத்தில் பரிசு அட்டையும் புள்ளிகளும் ஒரே மாதிரித் தெரியும். இரண்டும் கடைசித் தொகையிலிருந்து கழிபடும். ஆனால் பரிசு அட்டை என்பது யாரோ ஒருவர் முன்கூட்டியே செலுத்திய பணம். யுபிஐ, வங்கி அட்டை ஆகியவற்றைப் போல அதுவும் பணம் செலுத்தும் ஒரு வழிதான். புள்ளிகளுக்கு எவரும் பணம் தந்ததில்லை. அவற்றைப் பயன்படுத்தும்போது கடை உண்மையிலேயே தன் விலையைக் குறைத்துக்கொள்கிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆவது பிரிவு, விற்கும் நேரத்திலேயே தரப்பட்டு பில்லில் காட்டப்பட்ட தள்ளுபடியை வரி மதிப்பிலிருந்து கழிக்க அனுமதிக்கிறது. ஆகவே புள்ளிகள் வரி கணக்கிடுவதற்கு முன் கழிய வேண்டும். பரிசு அட்டை வரியெல்லாம் சேர்ந்த பிறகு கழிய வேண்டும்.

இரண்டும் ஒரே பில்லில் வந்தால் எப்படி இருக்கும் என்பதை அதே சேலையை வைத்துப் பார்க்கலாம். வாங்குபவரிடம் 210 புள்ளிகளும் 1,000 ரூபாய் அட்டையும் இருக்கின்றன. ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய். விலை 3,150 ரூபாயிலிருந்து முதலில் புள்ளிகள் கழிந்து 2,940 ரூபாய் ஆகிறது. இதில் விற்பனை மதிப்பு 2,800 ரூபாய், வரி 140 ரூபாய். பில்லின் மொத்தம் இந்த 2,940 ரூபாயோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, எப்படிச் செலுத்தப்பட்டது என்ற பகுதியில், பரிசு அட்டை 1,000 ரூபாய், யுபிஐ 1,940 ரூபாய் என்று வர வேண்டும். 210 புள்ளிகள் கடைக்கு 210 ரூபாய் இழப்பை உண்டாக்கவில்லை என்பதையும் இங்கே கவனிக்கலாம். 200 ரூபாய் கடையின் விற்பனையிலிருந்து குறைந்தது. 10 ரூபாய் வரியிலிருந்து குறைந்தது.

புதிதாக எந்த மென்பொருளை வாங்கினாலும் நான் இப்போது செய்யச் சொல்லும் சோதனை இதுதான்: விலை தெரிந்த ஒரு பொருளை, சிறு தொகை அட்டை ஒன்றைப் பயன்படுத்தி, சோதனை ஆணையாக வாங்கிப் பார்க்க வேண்டும். பில்லில் வரித் தொகை மாறாமல் இருந்தால் மென்பொருள் அட்டையைப் பணமாகக் கருதுகிறது. வரி குறைந்தால் அது கூப்பன். பிறகு அதே ஆணையைத் திருப்பி, அட்டைக்கு உரிய பங்கு அட்டைக்கே திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பத்து நிமிட வேலை. மென்பொருளின் விளம்பரப் பக்கத்தில் இதற்கு விடை கிடைக்காது.

ஏழு மாதக் கணக்கைத் திருத்தியது

செப்டம்பர் முதல் மார்ச் வரை கடை 135 அட்டைகளை விற்றிருந்தது. மொத்தம் 2,10,000 ரூபாய். அதில் மார்ச் 31 வரை 1,26,000 ரூபாய்க்குச் சேலைகள் வாங்கப்பட்டிருந்தன. இந்த 1,26,000 ரூபாய்தான் பில்களில் தள்ளுபடியாகக் கழிந்து போயிருந்த தொகை. 5 சதவீத வரி உள்ளடங்கிய தொகை என்பதால் இதில் விற்பனை மதிப்பு 1,20,000 ரூபாய், செலுத்தாமல் விட்ட வரி 6,000 ரூபாய்.

டேலியில் நடப்புப் பொறுப்புகளின் கீழ் "பரிசு அட்டைப் பொறுப்பு" என்று ஒரு கணக்கைத் தொடங்கினோம். அட்டை விற்பனை என்று காட்டப்பட்டிருந்த 2,10,000 ரூபாயை விற்பனைக் கணக்கிலிருந்து நீக்கி, இந்தப் பொறுப்புக் கணக்கில் வரவு வைத்தோம். அட்டையை விற்பதால் கடைக்கு வருமானம் வருவதில்லை. பிற்பாடு சேலை தர வேண்டிய கடமைதான் வருகிறது. பிறகு பயன்படுத்தப்பட்ட 1,26,000 ரூபாயைப் பொறுப்புக் கணக்கில் பற்று எழுதி, 1,20,000 ரூபாயை விற்பனைக்கும் 6,000 ரூபாயை ஜிஎஸ்டிக்கும் வரவு வைத்தோம். பொறுப்பில் 84,000 ரூபாய் மிஞ்சியது. கடை காட்டியிருந்த லாபம் இந்தத் திருத்தத்தால் 90,000 ரூபாய் குறைந்தது. அதில் 84,000 ரூபாய் இன்னும் தராத சேலைகளுக்கான பணம், 6,000 ரூபாய் அரசுக்குச் சேர வேண்டிய வரி. தீபாவளி நன்றாகப் போனது என்று நினைத்து உரிமையாளர் நெசவாளர்களுக்குக் கூடுதல் முன்பணம் கொடுத்திருந்தார். இல்லாத லாபத்தை வைத்து எடுத்த முடிவு அது. 6,000 ரூபாய் வரியைவிட அதுவே அவருக்கு அதிகம் உறுத்தியது.

வரியைப் பொறுத்தவரை, குறைவாகக் காட்டிய மாதங்களின் விவரங்களை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் திருத்தப் பகுதியில் சரிசெய்து, 6,000 ரூபாயை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியுடன் செலுத்தினோம். தொகை சிறியது என்பதால் வட்டி சில நூறு ரூபாய்களைத் தாண்டவில்லை. அட்டை விற்பனையை வரிவிலக்குப் பெற்ற விற்பனையாகக் காட்டியிருந்ததையும் நீக்கினோம். அது தீங்கில்லாத பதிவு என்று பலர் எண்ணுகிறார்கள். வரிவிலக்கு விற்பனை என்று ஒன்று இருந்தால், கொள்முதலில் கட்டிய வரிக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரி வரவை அதன் விகிதத்துக்கு ஏற்பத் திருப்பித் தர வேண்டியிருக்கும். செய்யாத விற்பனைக்காக அந்த இழப்பை ஏற்க வேண்டியதில்லை.

அட்டையை விற்கும்போதே வரி கட்ட வேண்டுமா என்ற குழப்பம் நீண்ட காலம் இருந்தது. எந்தப் பொருளுக்கான அட்டை என்று விற்கும்போதே தெரிந்தால் அன்றைக்கும், இல்லாவிட்டால் பயன்படுத்தும் நாளிலும் வரி என்று சட்டத்தில் ஓர் உட்பிரிவு இருந்தது. 5 சதவீத வரியுள்ள சேலைகளை மட்டும் விற்கும் கடைக்கு எது பொருந்தும் என்று வாதிட இடம் இருந்தது. 2024 டிசம்பர் 31 தேதியிட்ட 243/37/2024 எண் சுற்றறிக்கை, இத்தகைய அட்டை கைமாறுவது சரக்கு விற்பனையும் அல்ல, சேவையும் அல்ல என்று தெளிவுபடுத்தியது. 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்த உட்பிரிவையே நீக்கிவிட்டது. ஆகவே அட்டையை விற்கும் நாளில் வரிப் பில் போட வேண்டியதில்லை; பணம் பெற்றதற்கான ரசீது போதும். சேலை விற்கும் நாளில் முழு மதிப்புக்கும் வரிப் பில் போட வேண்டும்.

இதில் கைதவறும் இடம் ஒன்று உண்டு. 2,000 ரூபாய் அட்டையை ஒருவர் வாங்கும்போது பேமென்ட் கேட்வே தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் வங்கிக்கு அனுப்புகிறது. கட்டணம் 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் என்றால் 47.20 ரூபாய் பிடிபட்டு, 1,952.80 ரூபாய் வந்து சேரும். பொறுப்புக் கணக்கில் 1,952.80 ரூபாயை எழுதினால் அட்டைகளின் இருப்பும் கணக்கும் என்றைக்கும் பொருந்தாது. வாடிக்கையாளருக்குத் தர வேண்டியது முழு 2,000 ரூபாய்ச் சரக்கு. அதை அப்படியே வரவு வைத்து, கட்டணத்தைத் தனிச் செலவாக எழுத வேண்டும்.

அடுத்த தீபாவளிக்கு முன் காலாவதியாகும் புள்ளிகள்

புள்ளிகளுக்கு உரிமையாளர் முதலில் வைத்த விதி, 100 ரூபாய்க்கு 5 புள்ளிகள், ஆயுள் 365 நாட்கள் என்பது. இரண்டுமே பிற கடைகளைப் பார்த்து வைத்தவை. சேலையின் அடக்க விலை விற்பனையில் 70 சதவீதம். கூரியர், கேட்வே, பொதி எல்லாம் போக மிஞ்சுவது மெல்லிய விளிம்பு. அதிலிருந்து 5 சதவீதம் கொடுப்பது கட்டுப்படியாகாது என்பதால், விற்பனை தொடங்குவதற்கு முன்பே வரி நீங்கிய மதிப்பில் 100 ரூபாய்க்கு 2 புள்ளிகள் என்று குறைத்துவிட்டோம். விகிதத்தை மாற்றுவது எளிதாக முடிந்தது. யோசிக்க வைத்தது ஆயுள்தான்.

இந்தக் கடையின் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வாங்குபவர்கள். தீபாவளி ஆங்கிலத் தேதியில் நிலையாக வருவதில்லை. 2025இல் அது அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. இடையில் 384 நாட்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு சேலை வாங்கிப் புள்ளி பெற்றவர், அடுத்த தீபாவளிக்கு அதேபோல ஒரு வாரம் முன்பு வந்தாலும், 365 நாள் விதியில் அவருடைய புள்ளிகள் 19 நாட்களுக்கு முன்பே காலாவதியாகியிருக்கும். திட்டம் யாரைத் திரும்ப வரவழைக்க வேண்டுமோ அவரையே வெறுங்கையோடு நிறுத்தும். ஓராண்டு என்பது தாராளமான ஆயுள் என்று தோன்றினாலும் பண்டிகையை ஒட்டி விற்கும் கடைக்கு அது போதாது.

எனவே விதியை, வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து எண்ணிப் பதினான்காவது மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும் என்று மாற்றினோம். 2025 அக்டோபரில் பெற்ற புள்ளிகள் 2026 டிசம்பர் 31 வரை இருக்கும். மாதக் கடைசியில் மொத்தமாகக் காலாவதியாவதால் இன்னொரு வசதியும் கிடைத்தது. ஒவ்வொரு நாளும் சில புள்ளிகள் உதிர்வதைத் தொடர வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் வழங்கிய புள்ளிகளை ஒரு கட்டாகக் கருதி, அந்தக் கட்டில் எவ்வளவு பயன்பட்டது, எவ்வளவு உதிர்ந்தது என்று பார்க்கலாம். பின்னால் வரும் ஒதுக்கீட்டுக் கணக்குக்கு இந்தக் கட்டுகளே தரவு. வாடிக்கையாளருக்கும் "டிசம்பர் 31 வரை" என்று ஒரே தேதியைச் சொல்லிவிட முடிகிறது. பயன்படுத்தும்போது பழைய கட்டிலிருந்து முதலில் கழிய வேண்டும் என்பதை மென்பொருளின் அமைப்பில் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

அந்தக் கடைசி நாளிலும் ஒரு கண்ணி இருந்தது. தேதியை மட்டும் கொடுத்தால் மென்பொருள் அதை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொண்டது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் செல்வதால், 31ஆம் தேதி காலை 5.30 மணிக்கே புள்ளிகள் மறைந்துவிடும். கடைசி நாள் என்று நினைவூட்டல் பெற்று அன்று மாலை வருபவர் ஏமாறுவார். நேர மண்டலத்தையும் சேர்த்துக் கொடுத்ததும் சரியானது.

```
expires_at = "2026-12-31"
expires_at = "2026-12-31T23:59:59+05:30"
```

முதல் வரி பிழையானது, இரண்டாவது வரி சரியானது.

புள்ளிகள் எப்போது சேரும் என்பதிலும் சில முடிவுகள் தேவைப்பட்டன. பரிசு அட்டை வாங்குவதற்குப் புள்ளி இல்லை. அந்த அட்டையால் சேலை வாங்கும்போது உண்டு. இல்லாவிட்டால் ஒரே பணத்துக்கு இருமுறை புள்ளி தந்ததாகிவிடும். புள்ளிகளால் கழிந்த தொகைக்குப் புள்ளி இல்லை. மேலே கண்ட பில்லில் 2,800 ரூபாய்க்கு 56 புள்ளிகள்தான். பில் போட்ட உடனே புள்ளியைச் சேர்க்காமல், திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு முடிந்த பிறகு சேர்க்கிறோம். உடனே சேர்த்தால், அந்தப் புள்ளிகளை வைத்து இன்னொன்றை வாங்கிவிட்டு முதல் சேலையைத் திருப்பி அனுப்புபவரின் கணக்கு கழித்தல் குறிக்குள் போய்விடும்.

பரிசு அட்டைக்குக் காலாவதி வைப்பது வேறு வகைக் கேள்வி. புள்ளி கடை கொடுத்த சலுகை. அட்டை பிறர் கொடுத்த பணம். அதைக் குறுகிய காலத்தில் விழுங்குவதை வாடிக்கையாளர் மன்னிக்க மாட்டார் என்பது என் கருத்து. உரிமையாளரும் அப்படியே நினைத்தார். ரிசர்வ் வங்கி தன் அனுமதி பெற்ற முன்பணக் கருவிகளுக்குக் குறைந்தது ஓராண்டு செல்லுபடிக் காலம் விதித்திருக்கிறது. தன் கடையில் மட்டும் செல்லும், பணமாக மாற்ற முடியாத அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை என்பதால் அந்த விதி இந்தக் கடையைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் 24 மாதங்கள் என்று வைத்து, அதற்குப் பிறகும் ஆறு மாதங்களுக்குள் கேட்டால் ஒருமுறை புதுப்பித்துத் தருவது என்று முடிவெடுத்தோம்.

இந்த 24 மாதம் தனியுரிமைக் கடை என்பதால் சாத்தியமானது. இதே வணிகம் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்திருந்தால் நான் தயங்கியிருப்பேன். சரக்குக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாட்களுக்குள் சரக்கு தந்து ஈடுகட்டாவிட்டால், நிறுவனங்களின் வைப்புத்தொகை விதிகள் 2014 அதை வைப்புத்தொகையாகப் பார்க்க இடம் தருகிறது. நிறுவனமாக மாறும் எண்ணம் இருப்பவர்கள் அட்டையின் காலத்தை முடிவு செய்வதற்கு முன் ஆடிட்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைக்குப் பக்கத்தில் செட்டிநாட்டுப் பலகாரம் விற்பவர் ஒருவர், "நம்ம ரெண்டு கடைக்கும் சேர்த்து ஒரே கார்டா போட்டுடலாமே அக்கா" என்று கேட்டிருந்தார். வணிகத்துக்கு நல்ல யோசனைதான். ஆனால் ஒருவர் வெளியிடும் அட்டை இன்னொருவர் கடையில் செல்லத் தொடங்கினால், அனுமதி தேவையில்லாத வகையிலிருந்து அது வெளியேறிவிடும். முறுக்குப் பொட்டலத்துக்காக ரிசர்வ் வங்கியின் அனுமதி கேட்டு நிற்க முடியாது என்பதால் அதைக் கைவிட்டோம்.

ஆண்டு முடிவில் புள்ளிகளுக்கு எவ்வளவு ஒதுக்குவது

மார்ச் 31 வரையிலான விற்பனை, வரி நீங்கலாக, 12,00,000 ரூபாய். வழங்கிய புள்ளிகள் 24,000. பயன்பட்டவை 5,400. மீதி 18,600 புள்ளிகள் வாடிக்கையாளர்களின் கணக்குகளில் இருந்தன. இவற்றைப் பெரிய நிறுவனங்கள் கையாளும் முறை இந்தியக் கணக்கியல் தரம் 115இல் இருக்கிறது. விற்ற தொகையில் ஒரு பகுதி புள்ளிகளுக்காகவே பெறப்பட்டது என்று பிரித்து, புள்ளிகள் பயன்படும்வரை அதை வருமானமாகக் காட்டாமல் தள்ளிவைப்பது அந்த முறை. அந்தத் தரம் இந்தக் கடைக்குக் கட்டாயமில்லை. ஆடிட்டரும் நானும் பேசி, எதிர்பார்க்கும் செலவுக்கு ஒதுக்கீடு செய்யும் எளிய முறையைத் தேர்ந்தெடுத்தோம்.

வழங்கியதில் எத்தனை சதவீதம் கடைசியில் பயன்படும் என்பதற்கு முதலாண்டில் சொந்த அனுபவம் கிடையாது. அதுவரை கண்ட போக்கை வைத்து 60 சதவீதம் என்று கொண்டோம். 24,000 புள்ளிகளில் 14,400 பயன்படும். 5,400 ஏற்கெனவே பயன்பட்டதால் இனி எதிர்பார்ப்பது 9,000. ஒரு புள்ளி வரி உட்பட ஒரு ரூபாய் என்பதால் இவற்றின் விற்பனை மதிப்பு 8,571 ரூபாய். அந்த மதிப்புக்குத் தர வேண்டிய சரக்கின் அடக்கம் 70 சதவீதம், அதாவது 6,000 ரூபாய். இந்த 6,000 ரூபாயைப் புள்ளித் திட்டச் செலவில் பற்றும், புள்ளிகளுக்கான ஒதுக்கீட்டில் வரவும் எழுதினோம். 18,600 புள்ளிகளுக்கு 18,600 ரூபாய் என்று எழுதியிருந்தால் மூன்று மடங்குக்கு மேல் கூடுதலாகியிருக்கும். எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால் அடுத்த தீபாவளியின் லாபத்தில் இந்த ஆண்டின் சலுகை ஏறியிருக்கும். 60 சதவீதம் என்பது மதிப்பீடுதான். 2025 செப்டம்பர், அக்டோபர் கட்டுகள் முழுதாக முடிந்த பிறகு கிடைக்கும் உண்மையான விகிதத்தை வைத்து அடுத்த மார்ச்சில் அதை மாற்றுவோம்.

பரிசு அட்டையில் இப்படி முன்கூட்டியே மதிப்பிடுவதில்லை. சில அட்டைகள் என்றைக்கும் பயன்படாது என்பது தெரிந்ததே. நீண்ட அனுபவமுள்ள நிறுவனங்கள் அந்தப் பங்கைப் படிப்படியாக வருமானத்தில் சேர்க்கின்றன. ஏழு மாத அனுபவமுள்ள கடை அதைச் செய்வது ஆசையை வருமானமாக எழுதுவது. 24 மாதமும் புதுப்பிக்கும் ஆறு மாதமும் கடந்த பிறகு, மிஞ்சும் இருப்பைப் பொறுப்பிலிருந்து பிற வருமானத்துக்கு மாற்றுவோம். அந்த ஆண்டில் அதற்கு வருமான வரி உண்டு. எந்தச் சரக்கும் கைமாறாததால் ஜிஎஸ்டி இல்லை என்பதையும் மேலே சொன்ன சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது.

திருத்தம் முடிந்த நாளில், மென்பொருளிலிருந்து செல்லுபடியாகும் அட்டைகளின் இருப்புப் பட்டியலை எடுத்துப் பொறுப்புக் கணக்கோடு ஒப்பிட்டோம். மாதந்தோறும் செய்ய வேண்டிய ஒரே சரிபார்ப்பு இதுதான். கணக்கில் 84,000 ரூபாய். பட்டியலில் 85,000 ரூபாய். ஒரு மணி நேரம் தேடிய பிறகு விடை கிடைத்தது. சேலையைத் திருப்பி அனுப்பிய அந்த வாடிக்கையாளருக்கு அவருடைய 1,000 ரூபாயைப் பழைய அட்டையிலேயே மீட்டுத் தந்திருந்தோம். அது கணக்கிலும் இருந்தது. அதுபோக, மனம் கோணியிருப்பாரே என்று உரிமையாளர் இன்னொரு 1,000 ரூபாய் அட்டையைத் தம் கையாலேயே உருவாக்கி இலவசமாக அனுப்பியிருந்தார். அதற்கு எவரும் பணம் தரவில்லை. அது பரிசு அட்டை வடிவில் இருக்கும் தள்ளுபடி. அதைப் பணமாகக் கருதி முழு மதிப்புக்கு வரி கட்டினால் இம்முறை பிழை எதிர்ப்பக்கமாகப் போகும். அந்த அட்டையை ரத்து செய்து, அதே தொகைக்கு ஒரு கூப்பனை அனுப்பச் சொன்னேன். இலவசமாகத் தருபவை அனைத்தும் இனிக் கூப்பனாகவே போகும். பட்டியல் 84,000 ரூபாய்க்கு வந்தது.